சவூதி வேலைக் கடிதம்: கம்பெனியின் பெயரை அரபியில் தேடிப் பார்ப்பது எப்படி?



மேலப்பாளையத்திலோ ஏர்வாடியிலோ கடையநல்லூரிலோ ஒரு பையனுக்கு சவூதியிலிருந்து வேலைக் கடிதம் வந்தால், வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி, "கம்பெனி நிஜமா?" என்பதுதான். கடிதத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரை அப்படியே கூகுளில் போட்டுப் பார்ப்பார்கள். அதே பெயரில் பத்து வரும், அல்லது ஒன்றுமே வராது. பத்து வந்தால் "இருக்கு" என்று உம்மாவின் நகை அடகுக்குப் போகும். ஒன்றும் வராவிட்டால் "ஏமாத்து" என்று நல்ல வேலை ஒன்றைக் கைவிடுவதும் உண்டு. இரண்டுமே தவறான முடிவுகளாக இருக்கலாம். சவூதிக் கம்பெனியின் உண்மையான பெயர் அரபியில்தான் பதிவாகியிருக்கும். ஆங்கிலப் பெயர் அதைக் கேட்டு எழுதிய ஒரு நிழல் மட்டுமே.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பொருள் தெரியாவிட்டாலும் அரபு எழுத்துகள் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மதரஸாவில் ஓதிய பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால், அரபு மொழி தெரியாமலேயே அரசுப் பதிவேட்டில் ஒரு கம்பெனியைத் தேடிப் பிடிக்க முடியும். அதற்கான வழியை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஒரு பெயர் காட்டும் சிக்கல்

2016 ஜூலையில் ஜித்தாவின் தொழிலாளர் முகாம்களில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் பல மாதச் சம்பளம் கிடைக்காமல், சாப்பாட்டுக்கே வழியின்றித் தவித்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். இந்தியத் துணைத் தூதரகமும் ஜித்தா வாழ் இந்தியர்களும் சேர்ந்து உணவு கொடுத்தார்கள். மத்திய இணையமைச்சர் வி.கே.சிங் நேரில் போனார். அந்தச் செய்திகளில் அதிகம் அடிபட்ட கம்பெனி 'சவூதி ஓஜர்'. லெபனான் பிரதமராக இருந்த ரஃபீக் ஹரீரி குடும்பத்தின் கட்டுமான நிறுவனம் அது. 2017 ஜூலை 31 அன்று மூடப்பட்டது.

அதன் ஆங்கிலப் பெயர் Saudi Oger. இதை அரபியில் எழுதச் சொன்னால் நம்மில் ஒருவர் கடைசியில் 'ரே' போட்டு اوجر என்று எழுதுவார், இன்னொருவர் اوغر என்று எழுதுவார். பதிவான பெயரோ سعودي أوجيه. கடைசியில் 'ரே' இல்லை, 'ஹே' இருக்கிறது. காரணம், Oger ஒரு பிரெஞ்சுப் பெயர். பிரெஞ்சுக்காரர் அதைக் கிட்டத்தட்ட 'ஓஷே' என்று சொல்வார். அரபியில் அந்த உச்சரிப்பைக் கேட்டு எழுதினார்கள், ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்து எழுதினார்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகித்து எழுத முடியாது.

பாடத்தின் முதல் விதி இதிலிருந்து வருகிறது: ஆங்கிலப் பெயரை நாமாக அரபிக்கு மாற்றித் தேடுவது கடைசி வழி. முதலில் அரபுப் பெயரையும் எண்ணையும் தாளிலிருந்தே எடுக்க வேண்டும்.

தாளில் எதை எடுப்பது?

ஏஜெண்டிடம் வேலைக் கடிதத்தோடு விசாவின் நகலையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே நின்றுகொள்ளலாம். இந்தத் தாள்களில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, கஃபீலின் அரபுப் பெயர். கடிதத் தலைப்பிலும் வட்ட முத்திரையிலும் விசாவிலும் அது இருக்கும். மூன்று இடத்திலும் ஒரே பெயரா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

இரண்டாவது, விசாவில் கஃபீலுக்கான பத்து இலக்க எண். இதன் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தாலே ஒரு பெரிய உண்மை தெரிந்துவிடும். நிறுவனங்களின் எண் 7-இல் தொடங்கும். 1-இல் தொடங்கினால் அது ஒரு சவூதிக் குடிமகனின் தனிப்பட்ட அடையாள எண். கடிதத்தில் 'கம்பெனி டிரைவர்' என்று போட்டு, விசாவில் 1-இல் தொடங்கும் எண் இருந்தால், பையன் போகப்போவது கம்பெனிக்கு அல்ல. ஒருவரின் வீட்டு வேலைக்கான விசா அது. வேலை நேரமும் சட்டப் பாதுகாப்பும் அங்கே வேறு.

மூன்றாவது, வணிகப் பதிவு எண். கடிதத் தலைப்பின் அடியில் 'C.R.' என்றோ س.ت என்றோ போட்டு எழுதியிருப்பார்கள். இதுவும் பத்து இலக்கம். பழைய முறையில் முதல் நான்கு இலக்கம் ஊரைக் காட்டும்: 1010 என்றால் ரியாத், 4030 என்றால் ஜித்தா, 2050 என்றால் தம்மாம். கடிதத்தில் தம்மாம் கம்பெனி என்று போட்டு எண் 4030-இல் தொடங்கினால், தலைமையகம் ஜித்தாவில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வணிகப் பதிவுச் சட்டம், கிளைக்கு ஒரு பதிவு என்ற பழைய முறையைக் கைவிட்டு, 7-இல் தொடங்கும் ஒரே எண்ணுக்கு எல்லோரையும் மாற்றுகிறது. அதனால் புதிய தாளில் 1010-க்குப் பதில் 7-இல் தொடங்கும் எண் இருந்தால் அது குறையல்ல.

எண்களைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. அரபு எண்கள் வரிசையாக இவை:

```
٠ ١ ٢ ٣ ٤ ٥ ٦ ٧ ٨ ٩
0 1 2 3 4 5 6 7 8 9
```

புள்ளிதான் பூஜ்யம், வட்டம் ஐந்து. அவசரத்தில் வட்டத்தைப் பூஜ்யமாகப் படித்துவிட்டு "எண் பொய்" என்று சொல்பவர்கள் உண்டு. ٦ நம் கண்ணுக்கு ஏழு போலத் தெரியும், ஆனால் அது ஆறு. குர்ஆன் வசன எண்களைப் பார்த்துப் பழகியவர்களும் கவனிக்க வேண்டும்: உருது வழக்கில் அச்சான முஸ்ஹஃபுகளில் 4, 6 போன்றவற்றின் வடிவம் அரபு நாட்டு வடிவத்திலிருந்து மாறுபடும். இன்னொன்று, எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் எண் இடமிருந்து வலமாகத்தான் படிக்கப்படும். ٢٠٥٠ என்றால் 2050.

எண்ணால் தேடுவது

சவூதி வணிக அமைச்சகத்தின் தளம் mc.gov.sa. அதன் மின்சேவைகளில் வணிகப் பதிவு விசாரணை இருக்கிறது. அரபியில் அதன் பெயர் الاستعلام عن السجل التجاري. நமக்குத் தேவையான இரண்டு சொற்கள் السجل التجاري, அதாவது 'அஸ்ஸிஜில்லுத் திஜாரி', வணிகப் பதிவேடு. அங்கே பதிவு எண்ணையோ 7-இல் தொடங்கும் எண்ணையோ போட்டுத் தேடுங்கள். தளம் சில நேரம் இந்தியாவிலிருந்து திறக்காது. அப்போது அங்கே சபரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் எண்ணை அனுப்பி, திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். "கம்பெனி நல்லதா மச்சான்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அவர் நாலு பேரிடம் கேட்டு "இருக்காம்" என்பார். நமக்கு வேண்டியது பதிவேட்டுப் பக்கம்.

பக்கம் முழுக்க அரபியில் இருக்கும். அதில் ஸபர், ஸேர், பேஷ் எதுவும் இருக்காது. ஆனால் எல்லாச் சொல்லும் நமக்குத் தேவையில்லை. இந்தச் சிலவற்றை அடையாளம் கண்டால் போதும்:

- نشط : நடப்பில் இருக்கிறது
- معلق : நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது
- مشطوب : பதிவு நீக்கப்பட்டுவிட்டது
- شركة : ஷரிகா, கம்பெனி
- مؤسسة : முஅஸ்ஸஸா, ஒரே ஒருவருக்குச் சொந்தமான நிறுவனம்
- فرع : கிளை
- للمقاولات : கட்டட ஒப்பந்த வேலைக்கான
- النشاط : செய்யும் தொழில்

ஷரிகாவுக்கும் முஅஸ்ஸஸாவுக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். முஅஸ்ஸஸா என்றால் நிறுவனமும் முதலாளியும் சட்டப்படி ஒன்றுதான். ஆங்கிலத்தில் அதை 'Est.' என்று எழுதுவார்கள். கடிதத்தில் 'Company' என்று பெரிதாகப் போட்டிருக்கும், பதிவேட்டில் مؤسسة என்றிருக்கும். அதனாலேயே மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் 'ஐயாயிரம் பேர் வேலை பார்க்கும் குரூப் கம்பெனி' என்று ஏஜெண்ட் சொன்னது எவ்வளவு உண்மை என்று கேட்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

எண் இல்லாவிட்டால் பெயரால் தேடுவது

எண் இல்லாமல் பெயர் மட்டும் இருக்கும் நிலையை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். கடிதத்தில் 'Al Noor Contracting Est., Dammam' என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது பாடத்துக்காக நாம் வைத்துக்கொள்ளும் பெயர்தான், குறிப்பிட்ட எந்த நிறுவனத்தையும் சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் இதே பெயரை Al Nour, An Noor, Annur என்றெல்லாம் எழுதுவார்கள். விசாவில் ஒரு விதமும் கடிதத்தில் ஒரு விதமும் இருந்தால் வீட்டார் பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. அரபியில் எல்லாமே النور தான். சூராவின் பெயரை எழுதும்போது 'அல்' என்று எழுதி 'அந்நூர்' என்று ஓதுகிறோம், 'அஷ்ஷம்ஸ்' என்று ஓதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதுபவர்களில் ஒருவர் எழுத்தைப் பார்க்கிறார், ஒருவர் ஓசையைக் கேட்கிறார். தேடும்போது எப்போதும் ال போட்டே எழுத வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. ஆங்கிலத்தில் ஒன்றாகத் தெரியும் பெயர் அரபியில் இரண்டாக இருக்கலாம். 'Al Amal' என்பது நம்பிக்கை என்ற பொருளில் الأمل ஆக இருக்கலாம், வேலை என்ற பொருளில் العمل ஆகவும் இருக்கலாம். முதலாவதில் ஹம்ஸா, இரண்டாவதில் ஐன். பிறை என்ற ஹிலாலுக்கு ه வரும், ஹலாலுக்கு ح வரும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் H தான், தமிழிலும் 'ஹ' தான். மக்ரஜ் பார்த்து ஓதக் கற்ற பிள்ளைக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். எனவே ஒரு வடிவத்தில் கிடைக்கவில்லை என்றால் س இடத்தில் ص, ت இடத்தில் ط, ك இடத்தில் ق என்று மாற்றிப் பார்க்க வேண்டும்.

அரபி அல்லாத பெயர்களில் வேறு சிக்கல். அரபியில் 'ப' ஓசைக்கு எழுத்து இல்லை. நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதியபோது அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குக் கூடுதல் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். சவூதிப் பதிவாளர் அப்படிச் செய்வதில்லை. P வந்தால் ب எழுதுவார், V வந்தால் ف எழுதுவார். G-க்கு ஒரே முடிவு கிடையாது. கூகுள் என்ற பெயரையே எகிப்தில் جوجل என்றும் லெபனான் பக்கம் غوغل என்றும் சவூதியில் قوقل என்றும் எழுதுவதைப் பார்க்கலாம். அதனால் G உள்ள பெயருக்கு மூன்று முறை தேட வேண்டும்.

இனி நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். தேடல் கட்டத்தில் இப்படி எழுதுகிறோம்:

```
مؤسسة النور للمقاولات
```

ஒன்றும் வராவிட்டால் முதல் சொல்லை விட்டுவிட்டு النور மட்டும் போடுங்கள். பதிவேட்டில் முதலாளியின் பெயர் இடையில் வந்து 'முஅஸ்ஸஸா - இன்னார் - அந்நூர்' என்ற வரிசையில் இருக்கலாம். அப்போது நாம் எழுதிய முழுத் தொடர் பொருந்தாது. அடுத்து எழுத்து வடிவத்தைப் பாருங்கள். أ என்று ஹம்ஸாவோடு பதிவாகியிருப்பதை ا என்று வெறும் அலிஃபாகவும், ة என்பதை ه என்றும், عبد الله என்று பிரித்து எழுதியதை عبدالله என்று சேர்த்தும் முயல வேண்டும்.

பலர் அறியாத ஒரு தடையும் உண்டு. ஃபோனில் உருது விசைப்பலகை வைத்திருப்பவர்கள் அதிலேயே எழுதிவிடுவார்கள். உருது ک, ی இரண்டும் அரபி ك, ي போலவே தெரிந்தாலும், கணினிக்கு அவை வேறு எழுத்துகள். கண்ணுக்குச் சரியாக இருக்கும், தேடினால் வராது. ஃபோன் அமைப்பில் 'அரபி' விசைப்பலகையைச் சேர்த்து அதில் எழுதுங்கள்.

இப்போது நேர்மாறான பிரச்சினை வரும்: 'அந்நூர்' என்று பல நிறுவனங்கள் வந்து நிற்கும். பெயர் மட்டும் பொருந்துவதை நம்பி நிறுத்திவிடக் கூடாது. ஊர் தம்மாமா, தொழில் கட்டட ஒப்பந்தமா, வடிவம் முஅஸ்ஸஸாவா என்று மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் பொருந்தும் ஒன்று கிடைத்தால் அதன் 7-இல் தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, விசாவில் உள்ள கஃபீல் எண்ணோடு வைத்துப் பாருங்கள். பத்து இலக்கமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே "இதே கம்பெனி" என்று சொல்லலாம். அதுவரை "இருக்கலாம்" என்பதுதான் பதில்.

பொருந்தாதபோதும் பொருந்தும்போதும்

தொழில் மாறியிருப்பது அடிக்கடி காணும் பொருத்தமின்மை. கடிதத்தில் மருத்துவமனை உதவியாளர் வேலை, பதிவேட்டில் ஆள் வழங்கும் தொழில் என்றிருந்தால், அது சப்ளை கம்பெனி. பையனை எங்கே அனுப்புவார்கள், வேலை இல்லாத மாதம் சம்பளம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

எல்லாம் பொருந்தினாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. ஏமாற்றுபவர்கள் உண்மையான கம்பெனியின் பெயரையும் எண்ணையும் எடுத்துப் பொய்க் கடிதம் அடிக்கலாம். பதிவேடு "கம்பெனி இருக்கிறது" என்று சொல்லும். "இந்தக் கடிதத்தை அவர்கள்தான் கொடுத்தார்கள்" என்று சொல்லாது. அதனால் கடிதத்தில் உள்ள ஃபோன் எண்ணுக்குப் பேசி உறுதி செய்வதில் பயனில்லை. கம்பெனியின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணைத் தேடிப் பேச வேண்டும்.

ஏஜெண்டைச் சோதிப்பது தனி வேலை. emigrate.gov.in தளத்தில் மத்திய அரசின் உரிமம் பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் உள்ளது. அங்கே உரிம எண்ணைப் போட்டு, நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சத்தில் கேட்டால், கஃபீல் உண்மையாக இருந்தாலும் நடுவில் இருப்பவர் சரியில்லை.

மறுபடியும் சவூதி ஓஜருக்கு வருவோம். 2016-இல் அதன் பெயரைச் சரியாக எழுதித் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். பல்லாயிரம் பேர் வேலை பார்த்த, முறையாகப் பதிவான கம்பெனி அது. ஆனாலும் சம்பளம் வரவில்லை. பதிவேட்டுக்கு இருக்கும் எல்லை இதுதான். ஒரு கம்பெனி இருக்கிறதா, எந்தப் பெயரில், எந்த ஊரில், என்ன தொழிலுக்கு என்பதை அது சொல்லும். மாதாமாதம் கூலி கொடுக்கிறதா என்பதைச் சொல்லாது. அதை இப்போது அங்கே வேலை பார்ப்பவரிடம்தான் கேட்க வேண்டும். கம்பெனியின் சரியான அரபுப் பெயர் கையில் இருந்தால்தான், சரியான ஆளிடம் கேட்க முடியும்.

வீட்டில் வைத்திருக்க வேண்டிய ஒரு படம்

ஏற்கெனவே சவூதியில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு ஒரு வேலை. இக்காமாவில் முதலாளியின் பெயரும், விசாவில் முதலாளியின் எண்ணும் இருக்கும். இரண்டையும் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கஃபீல் மாறினால் புதியவரின் பெயரும் எண்ணும் வேண்டும். சம்பளப் பாக்கிக்கோ, விபத்து இழப்பீட்டுக்கோ, அல்லாஹ் காப்பானாக, மவ்த்துக்குப் பின் வாரிசுகளுக்குச் சேர வேண்டிய தொகைக்கோ மனு எழுதும்போது, யார் மீது மனு என்பதுதான் முதல் கேள்வி. பனியனில் போட்டிருந்த ஆங்கிலப் பெயரும் முகாம் வாசலில் இருந்த பலகையும் வேலை நடந்த இடத்தின் பெயராக இருக்கலாம். சட்டப்படி முதலாளி வேறு கம்பெனியாக இருக்கலாம். அந்தப் பத்து இலக்க எண் இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

இன்று மஃரிபுக்குப் பிறகு வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். சபரில் இருப்பவரின் இக்காமா படத்தை எடுத்து, மதரஸாவுக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்து, முதலாளியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரையும் முதலாளியின் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு அதே எண்ணைப் பதிவேட்டில் போட்டு, திரையில் வரும் பெயரும் நோட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று சரிபாருங்கள். அடுத்த முறை வேலைக் கடிதம் ஒன்று வரும்போது கை பழகியிருக்கும்.